மலையடிவாரத்துக் காய்ச்சலும் சிக்கிள் செல்லும்

கேள்வி: சிக்கிள் செல் ஆப்பிரிக்கக் கறுப்பர்களுக்கு வர்ற நோய்னுதான் படிச்சேன். அப்புறம் ஆனைகட்டி இருளர்களுக்கு ஏன் அந்த டெஸ்ட் எடுக்கறாங்க? அவங்க ஆப்பிரிக்காவில இருந்து வந்தவங்களா?

இல்லைங்க. நான் கோவை மாவட்டத்தில் பதினான்கு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன், மலையடிவார முகாம்களுக்கும் போகிறேன். இந்தச் சந்தேகம் மருத்துவமனைக்குள்ளேயே பலருக்கு இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினுக்கான மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிப்போனதுதான் சிக்கிள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால் பிள்ளைக்கு நோய்: ஆக்சிஜன் குறையும்போது அணுக்கள் அரிவாள் போல வளைந்து ரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும், எலும்பு வலி உயிரை எடுக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் அது டிரெய்ட், அநேகமாக ஆயுசு முழுக்க ஒரு தொந்தரவும் இருக்காது. ஆனால் டிரெய்ட் உள்ள குழந்தையை மலேரியா தாக்கினால், அந்தக் கிருமி புகுந்த அணு சீக்கிரம் வளைந்துவிடும், மண்ணீரல் அதைப் பிடித்து அழித்துவிடும். ஃபால்சிபாரம் வகை மலேரியா மூளைக்கு ஏறிச் சாகிற பிள்ளைகளில் டிரெய்ட் உள்ளவர்கள் மிகக் குறைவு. ஆலிசன் என்ற மருத்துவர் 1954-ல் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதை எடுத்துக்காட்டினார். தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சல் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன இடத்தில், இந்த மரபணுவைச் சுமந்த பிள்ளைகள் கூடுதலாகப் பிழைத்து, வளர்ந்து, பிள்ளை பெற்றார்கள். இதில் தோலின் நிறத்துக்கு எந்த வேலையும் இல்லை.

இனி நம்ம ஊர்க் கதை. இந்தியாவில் சிக்கிள் செல் இருப்பது வெளியே தெரிந்ததே நீலகிரியில்தான், 1952-ல். லேமன், கட்புஷ் என்ற இருவர் அங்குள்ள பழங்குடிகளின் ரத்தத்தைப் பார்த்தபோது இருளர், குறும்பர், பணியர் நடுவே பத்தில் மூன்று பேர் அளவுக்கு டிரெய்ட் இருந்தது. அதே மலையில் மேலே, ஊட்டிப் பக்கத்துப் புல்வெளிகளில் எருமை வளர்த்து வாழ்ந்த தோடர்களிடம் மிகச் சொற்பம். அரசாங்கப் பட்டியலில் இருவருமே பழங்குடிதான். ஆனால் இருளர் இருந்தது கீழ்ச்சரிவுக் காடுகளில், கொசுவும் முறைக்காய்ச்சலும் குடியிருந்த இடத்தில். தோடர் இருந்தது இரண்டாயிரம் மீட்டருக்கு மேல், அந்தக் குளிரில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமி முதிர்வதே கஷ்டம். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறினால் அந்த வித்தியாசத்தை மூன்று மணி நேரத்துக்குள் உடம்பிலேயே உணர்ந்துவிடலாம்.

அந்தக் கண்டுபிடிப்பு வந்ததுமே, இது 'வேத்தாயிட்' என்று அப்போது பெயர் வைத்திருந்த ஓர் இனத்தின் அடையாளமாக இருக்கலாம் என்ற எண்ணம் எழுந்தது. சரி, அப்படியானால் அந்தப் பெயருக்கே மூலமான இலங்கை வேடர்களிடம் அது நிறைய இருக்க வேண்டுமல்லவா? அவர்கள் ரத்தத்தைப் பார்த்தபோது சிக்கிள் இல்லை, ஹீமோகுளோபின் ஈ என்ற வேறொரு மாற்றம்தான் கிடைத்தது. எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான். இனப் பெயரை வைத்துக் கணக்குப் போட்டால் விடை தவறுகிறது, முன்னோர் எங்கே வாழ்ந்தார்கள், யாரோடு கலந்தார்கள் என்று கேட்டால் விடை கிடைக்கிறது. ஆப்பிரிக்காவிலும் அப்படித்தான். அதன் தென்முனையில், மலேரியா எட்டாத குளிர்ப் பகுதியில் வாழும் கோசா மக்கள் கறுப்பர்கள்தான், அவர்களிடம் சிக்கிள் அபூர்வம். கிரேக்கத்தில் பழைய சதுப்பு ஏரிக்கரை ஊரான ஓர்கோமெனோஸில் வெள்ளைக்காரர்களிடமே அது நிறைய.

"அப்படியானால் காரமடைப் பக்கத்து விவசாயிக்கு ஏன் இல்லை, அவர் தோட்டத்திலும் கொசு கடித்ததே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொசு மரபணுவை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருப்பதைப் பெருக்க மட்டுமே செய்யும். ஒரு சமூகத்துக்குள் அது வந்து சேர வேண்டும், வருவதற்கு ஒரே வழி பிள்ளைப்பேறு. பக்கத்து ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுக்காத வரை மரபணு அந்த வேலியைத் தாண்டாது. வடகிழக்கில் மலேரியா கடுமைதான், ஆனால் அங்கே பல இடங்களில் பெருகியது ஹீமோகுளோபின் ஈ. அதனால்தான் வெறும் ஊர் என்று சொல்லாமல் வம்சம் என்கிறேன். இன்னொன்று, நம்ம பக்கத்து சிக்கிள் மரபணுவைச் சுற்றியுள்ள டி.என்.ஏ அடையாளங்கள் ஒடிசா, குஜராத், சவுதியின் கிழக்குப் பாலைவனச் சோலைகள் ஆகிய இடங்களில் காண்பதோடு ஒத்துப்போகின்றன. ஆப்பிரிக்காவின் பெனின், செனகல் வகைகளோடு ஒத்துப்போவதில்லை.

இது வெறும் படிப்பு விஷயமாக நின்றுவிடுவதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ஒடிசாப் பையன், இருபத்திரண்டு வயது, இடுப்பும் முழங்காலும் வலி, கண் மஞ்சள். ஒரு மருத்துவமனையில் காமாலை என்று இரண்டு முறை சேர்த்து அனுப்பிவிட்டார்கள். சிக்கிள் டெஸ்ட் எழுதலாமா என்று பேச்சு வந்தபோது, "பழங்குடியா?" என்று கேட்டிருக்கிறார்கள், அவன் இல்லை என்றிருக்கிறான், அதோடு விட்டுவிட்டார்கள். மேற்கு ஒடிசாவில் பழங்குடி அல்லாத சமூகங்களிலும் இது சாதாரணம். எங்களிடம் வேறு எதற்கோ ரத்தம் கொடுக்க வந்தபோது சொந்த ஊர் எது என்று கேட்டேன். "களஹாண்டிங்கண்ணா, தங்கச்சிக்கும் இதே வலிதான்" என்றான், திருப்பூரில் பழகிய தமிழில்.

சோதனைக் குழாயில் மருந்துக் கரைசல், அதில் சொட்டு ரத்தம், ஐந்து நிமிடம். பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையைப் பிடித்தேன். சாதாரண ரத்தமென்றால் கோடுகள் தெரியும். அவன் குழாய் மோர் கலக்கியது போல் இருந்தது, ஒரு கோடும் தெரியவில்லை. இந்த டெஸ்ட் சிக்கிள் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும், டிரெய்ட்டா நோயா என்று பிரிக்காது. ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தைக்கும், ரத்தம் மிகக் குறைந்தவருக்கும் 'இல்லை' என்று தப்பாகக் காட்டிவிடும். அதனால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனைக்கு அனுப்பினோம். டிரெய்ட் என்றால் சாதாரண 'ஏ' ஹீமோகுளோபின்தான் பாதிக்கு மேல் இருக்கும். அவன் அறிக்கையில் 'ஏ' இல்லவே இல்லை, பெரும்பகுதி 'எஸ்', மீதியில் கருவிலிருக்கும் காலத்து 'எஃப்' நல்ல அளவு. நோய்தான். ஹைட்ராக்சியூரியா மாத்திரை ஆரம்பித்த பிறகு வலி வருவது குறைந்தது, தங்கையையும் வரவழைத்துப் பார்த்தார்கள்.

முகாமில் டிரெய்ட் என்று வந்தவர்களிடம் நான் சொல்வது ஒரு சின்னக் கணக்கு. ஊரில் பத்தில் மூன்று பேருக்கு டிரெய்ட் என்றால், யார் யாரைக் கட்டினாலும் நூறு ஜோடியில் ஒன்பது ஜோடிக்கு இருவருக்குமே இருக்கும். அந்த ஒன்பது ஜோடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வரும் வாய்ப்பு. ஒருவருக்கு மட்டும் டிரெய்ட், மற்றவருக்கு ஹீமோகுளோபினில் எந்தக் கோளாறும் இல்லை என்றால் பிள்ளைக்கு நோய் வராது. போன முகாமில் ஓர் அம்மா, "அப்ப என் மவளுக்குக் கல்யாணம் பண்ணலாங்களா தம்பி?" என்று கேட்டார். தாராளமாகப் பண்ணலாம் அம்மா, மாப்பிள்ளையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்றேன்.

இப்போது எங்கள் படிவத்தில் சாதிக் கட்டத்துக்குக் கீழே பேனாவால் இன்னொரு வரி எழுதிக்கொள்கிறேன்: அப்பா ஊர், அம்மா ஊர், தாத்தா பாட்டி ஊர்.