‘சொல்லவே இல்லை’ – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் தோழி தன் கணவருடன் வாட்ஸப்பில் போட்ட சண்டையின் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பினாள். ஐந்தே வரிகள். எங்கள் நண்பர்கள் குழுவில் போட்டேன். இது அப்பட்டமான கேஸ்லைட்டிங், அவள் நினைவையே அவள் சந்தேகிக்கும்படி செய்கிற தந்திரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் எழுதியது இரவு இரண்டு மணிக்கு, வரிக்கு வரி ஆச்சரியக்குறி. படத்தை இணைத்திருக்கிறேன். அவளை விலகி வரச் சொல்லலாமா?

ர.

அன்புள்ள ர.,

இரவு இரண்டு மணியையும் ஆச்சரியக்குறிகளையும் விட்டுவிடுங்கள். கோபத்துக்கு நேரமும் நிறுத்தக்குறியும் கிடையாது. ஆனால் உங்களை நம்பி அனுப்பிய படத்தை அவளைக் கேட்காமல் ஒரு குழுவின் தீர்ப்புக்கு வைத்தீர்களே, அதை என்னால் அப்படி விட முடியவில்லை. அடையாளம் தெரியாதபடி வரிகளை மாற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

‘கண்டிப்பா வரேன்னு போன்ல சொன்ன’ என்கிறார் உங்கள் தோழி. ‘சொல்லவே இல்ல, முடிஞ்சா வரேன்னுதான் சொன்னேன்’ என்கிறார் கணவர். ‘பொய்.’ ‘உனக்கு எல்லாமே தப்பாத்தான் ஞாபகம் இருக்கும்.’ ‘என்னைப் பைத்தியமாக்கற.’ படம் இங்கே முடிகிறது.

கணவரின் முதல் வரி ஒரு நிகழ்வைப் பற்றியது. மறுக்கிறார், தன் தரப்பில் நடந்தது என்ன என்றும் சொல்கிறார். இது கருத்து வேறுபாடு மட்டுமே. இரண்டாவது வரி அப்படியல்ல. அது அந்தத் தொலைபேசி உரையாடலை விட்டுவிட்டு, மனைவியின் நினைவாற்றலையே பிடித்துக்கொள்கிறது. ‘எல்லாமே’ என்ற சொல் எனக்கும் உறுத்துகிறது. ஆயினும் அந்த ஒரு சொல்லை வைத்துத் தீர்ப்பெழுத என் கை வராததற்குக் காரணம், அதே சொல்லை நானும் சொல்லியிருக்கிறேன் என்பதுதான்.

என் அண்ணனிடமிருந்து ஒரு குறிப்பேட்டை வாங்கியிருந்தேன். அதைத் திருப்பித் தந்துவிட்டதாக இரண்டு ஆண்டுகள் சாதித்தேன். அவர் வீட்டு வாசலில் நின்று கொடுத்த காட்சியே என் கண்ணில் நின்றது. ‘உனக்கு எப்போதுமே மறதி’ என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பேன். அதன்பின் அவர் எனக்குக் கொடுக்கும் ஒவ்வொன்றையும் தேதியிட்டு எழுதிவைக்கத் தொடங்கினார். பிறகு ஒரு நாள் குறிப்பேடு என் பெட்டியிலேயே கிடைத்தது.

நான் பொய் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலையில், அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டார்கள் என்று உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் மாணவர்களை எழுதச் சொன்னார். சுமார் இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் 44 பேரிடம் மீண்டும் கேட்டபோது, நான்கில் ஒரு பங்கினர் முக்கிய விவரங்கள் அனைத்தையும் தவறாகச் சொன்னார்கள். அவர்களில் பலர் முழு உறுதியோடு சொன்னார்கள். தம் கையெழுத்தையே காட்டியபோதும் பழைய நினைவு திரும்பவில்லை.

பாட்ரிக் ஹாமில்டனின் 1938ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து வந்த சொல் கேஸ்லைட்டிங். அதில் கணவன் சுவரில் இருந்த படத்தைத் தானே எடுத்து ஒளித்துவிட்டு, நீதான் எடுத்தாய், மறந்துவிட்டாய் என்று மனைவியை நம்பவைக்கிறான். படம் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். குறிப்பேடு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இருவரும் சொன்னது ஏறத்தாழ ஒரே வாக்கியம். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் உங்கள் குழு எங்கள் இருவருக்கும் ஒரே பெயரைத்தான் வைத்திருக்கும்.

குறிப்பேடு கிடைத்ததை அண்ணனிடம் சொல்ல எனக்கு மூன்று நாட்கள் ஆயின. வெட்கப்பட்டுக்கொண்டு நான் வாய்மூடி இருந்த அந்த மூன்று நாட்களில் அவர் மறுபடி கேட்டு, நான் பழைய பதிலையே சொல்லியிருந்தால், அதுவரை பிழையாக இருந்தது அந்தக் கணத்திலிருந்து வேறொன்றாக ஆகியிருக்கும். ஆகவே மறுப்பை அல்ல, சான்று வந்தபின் மறுத்தவர் என்ன செய்கிறார் என்பதைப் பாருங்கள். நேர்மையானவருக்கும் நினைவு திரும்பாமல் போகலாம். ‘எனக்கு ஞாபகமில்லை, ஆனால் எழுதியது நான்தான்’ என்று அவர் சொல்லிவிடுவார். நேர்மையற்றவர் ‘அதை நீ மாற்றியிருப்பாய்’ என்பார், அல்லது சான்று தேடியதையே உங்கள் மனக்கோளாறுக்கு அடையாளமாக்குவார். உங்கள் ஐந்து வரிகளில் சான்று என்று எதுவும் வரவில்லை, தகராறே பதிவில்லாத தொலைபேசிப் பேச்சைப் பற்றியது. மறுப்பதே குற்றத்துக்குச் சான்று என்று உங்கள் குழு நினைக்கிறது. அப்படியானால் தவறு செய்யாத ஒருவர் எந்தப் பதிலைச் சொல்லித் தப்புவார்?

தோழியின் துன்பம் பொய் என்று நான் சொல்லவில்லை. என் அண்ணன் தேதியிட்டு எழுதத் தொடங்கியதும் துன்பம்தான், என் உள்நோக்கம் எதுவாக இருந்தாலும். அவளைத் தனியே அழைத்துப் பேசுங்கள். எழுத்தில் இருந்த ஒன்றை மேலே நகர்த்திக் காட்டியபோது கணவர் என்ன சொன்னார், எந்தத் தகராறிலாவது ‘நான்தான் தவறு’ என்றாரா, தன் நினைவைப் பிறரிடம் சரிபார்த்த பிறகே வாய் திறக்கும் வழக்கம் அவளுக்கு எப்போது வந்தது என்று கேளுங்கள். பதில்கள் ஒரே திசையில் போனால் அவளை விலகச் சொல்வதற்கு உங்களுக்கு என் அனுமதி தேவையில்லை. அதற்கு முன் அந்தப் படத்தைக் குழுவிலிருந்து நீக்கிவிடுங்கள்.