எதற்கும் பொருந்தும் அறிகுறி

அன்புள்ள டொக்டர்,
நான் கொழும்பில் மருத்துவம் நான்காம் வருடம். வார்டில் நோயாளியைப் பார்த்தவுடனேயே ஒரு வருத்தத்தின் பெயர் மனதில் விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வேறெதுவும் ஓடுவதில்லை. யோசிக்கப் பழக எதை வாசிக்கலாம்? சீனியர்களுக்கு நோயாளி வெறும் கட்டில் நம்பராகிவிட்டதைப் பார்க்கவும் பயமாக இருக்கிறது.
சிந்துஜா

அன்புள்ள சிந்துஜா,

ஜெரோம் குரூப்மன் 2007இல் எழுதிய 'ஹவ் டொக்டர்ஸ் திங்க்' புத்தகத்தின் முதல் கதையை ஆறுதலாக வாசியுங்கள். பல வருடம் வயிற்று வருத்தத்தோடு மெலிந்துகொண்டே போன ஒரு பெண். உணவை ஒதுக்கும் மனநோய் என்று ஒருவர் எழுத, பின்னால் வந்தவர்களும் அதையே எழுதினார்கள். நாளுக்கு 3000 கலோரி, பெரும்பாலும் பாஸ்தாவும் தானியமும் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டும் எடை ஏறவில்லை என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. கடைசியாகப் பார்த்த வைத்தியர் கதையை முதலிலிருந்து கேட்டார். இருந்தது சீலியாக் நோய். கோதுமையிலுள்ள குளூட்டன்தான் அவருடைய சிறுகுடலைக் கெடுத்துக்கொண்டிருந்தது.

மற்றது 'சிம்டம் டு டயக்னோசிஸ்'. அது ஒவ்வொரு நோயாளிக்கும் மூன்று வரிசை போடச் சொல்லும்: முதலில் தோன்றுவது, அதோடு போட்டி போடக்கூடியது, தவறவிட்டால் உயிர் போவது. எங்கள் வார்டில் இப்படிப் பாருங்கள். நாற்பது வயது ஆண், நாலு நாள் காய்ச்சல், உடம்பு உளைவு, பிளேட்லெட் 95,000. டிக்கெட்டில் டெங்கு என்று எழுதியாயிற்று. ஆனால் எலிக்காய்ச்சலிலும் பிளேட்லெட் குறையும். இரண்டுக்கும் பொருந்தும் அறிகுறி இரண்டில் எதையும் நிரூபிக்காது. பிரித்துக் காட்டுவதைத் தேடுங்கள். டெங்குவில் வெள்ளணு பெரும்பாலும் குறையும். இவருக்கு 13,000, அதிலும் நியூட்ரோபில்தான் கூட. பீளையில்லாமல் சிவந்த கண், அமுக்கினால் நோகும் கெண்டைக்கால், குறைந்துபோன சிறுநீர். எலிக்காய்ச்சல் முன்னுக்கு வருகிறது. இதன் அன்டிபொடி பரிசோதனை ஆரம்ப நாட்களில் நெகட்டிவாக வரலாம் என்பதால், முடிவுக்குக் காத்திராமல் அன்டிபயோட்டிக் தொடங்க வேண்டியிருக்கும். டெங்குவையும் அழித்துவிடாதீர்கள், இரண்டாவது வரியில் நிற்கட்டும். (புத்தகம் அமெரிக்க நோயாளிகளை வைத்து எழுதியது. எது அடிக்கடி வரும் என்ற கணக்கை நீங்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.)

இதே நோயாளியிடம் தொழில் என்ன என்று கேட்டால் 'கூலி வேலை' என்பார், அதோடு முடிந்தது. போன இரண்டு கிழமையில் எங்கெங்கே தண்ணியில், சேற்றில் நின்றீர்கள் என்று கேட்டால்தான் பாதுக்கையில் வயல் துப்புரவாக்கியது வெளியே வரும். அதைச் சொல்ல அவருக்கு நேரம் வேண்டும். 1984இல் வெளியான ஓர் ஆய்வில் வைத்தியர்கள் சராசரியாக 18 செக்கனில் குறுக்கிட்டிருந்தார்கள். முதல் இரண்டு நிமிடம் எழுதாமல் கேளுங்கள்.

ஒரு நோயாளிமேல் எரிச்சல் வந்தால் மூன்று வரிசையையும் திரும்பப் போடுங்கள். பிடிக்காத நோயாளியின் வருத்தத்தை அவசரமாக முடித்துவைப்போம் என்று குரூப்மனும் எச்சரிக்கிறார். சிங்களம் மட்டும் பேசுபவரிடம் உங்கள் சிங்களம் தடுமாறினால், கூட வந்தவரை நோயாளி சொன்னதைச் சுருக்காமல் அப்படியே சொல்லச் சொல்லுங்கள். 'நெஞ்சு நோ' என்று அவர் சுருக்கியது, நோயாளியின் வாயில் 'படி ஏறினால் மட்டும் இறுக்குது' என்று இருந்திருக்கலாம்.