நுகர்வோர் கேள்வி-பதில்: மூன்று ஆட்டோசேவிலும் அதே கோளாறு

ஸ்கைரிம் என்ற கேமில் வின்ட்ஹெல்ம் ஊரில் கொலைகாரனைத் தேடும் குவெஸ்ட் அப்படியே நின்றுவிட்டது. யாரிடம் பேசினாலும் அடுத்த கட்டத்துக்குப் போகவில்லை. கேம் தானாகப் பதிந்து வைத்த ஆட்டோசேவ் மூன்றையும் லோட் செய்து பார்த்தேன், மூன்றிலும் அதே கதை. காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல். கம்ப்யூட்டரில் விளையாடுகிறேன். என்ன செய்யலாம்?

நீங்கள் சொல்வது 'பிளட் ஆன் தி ஐஸ்'. 2011இல் கேம் வெளியானதிலிருந்தே பாதியில் நிற்பதற்குப் பேர்போன குவெஸ்ட் இது. காசு கொடுத்தவருக்கு இப்படி நேர்வது அநியாயம்தான், உங்கள் கோபம் நியாயமானது.

மூன்று ஆட்டோசேவும் ஏன் ஒரே நிலையில் இருக்கின்றன என்று பாருங்கள். ஸ்கைரிம் ஆட்டோசேவுக்கு மூன்று இடம்தான் வைத்திருக்கிறது. நான்காவது வரும்போது முதலாவதை அழித்துவிட்டு அதன் மேல் எழுதும். எப்போதெல்லாம் எழுதும்? தூங்கினால், காத்திருந்தால், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறினால், அப்புறம் நீங்கள் வைத்திருக்கும் நிமிடக் கணக்குப்படி மெனுவைத் திறக்கும்போது. ஊர் வாசல் வழியாக வின்ட்ஹெல்முக்குள் நுழைகிறீர்கள், ஒன்று. ஒரு வீட்டுக்குள் போகிறீர்கள், இரண்டு. வெளியே வருகிறீர்கள், மூன்று. அங்கிருந்து வைட்ரன் என்ற இன்னோர் ஊருக்கு மேப் வழியாகத் தாவி ஃபாஸ்ட் டிராவல் செய்கிறீர்கள், நான்கு. ஊருக்குள் நுழையும் முன் இருந்த உலகம் அதோடு போயிற்று. இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. குவெஸ்ட் கெட்டுப்போனது உங்களுக்குத் தெரியவந்ததோ பல மணி நேரம் கழித்து. அதற்குள் எத்தனை கதவு தாண்டியிருப்பீர்கள்!

ஃபாஸ்ட் டிராவல் இங்கே கூடுதல் கெடுதல் செய்கிறது. நடந்தே போனால் வழியில் கதவும் இல்லை, ஆட்டோசேவும் அவ்வளவு இல்லை. மேப்பைத் திறந்து ஊர் ஊராகத் தாவி பொருள் விற்றுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தாவலும் பழைய சேவ் ஒன்றைத் தின்றுவிடும். F5 குவிக்சேவை நம்பியும் பயனில்லை. அதற்கு ஒரே இடம்தான், ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் முந்தையது அழியும்.

இப்போது செய்ய வேண்டியது: கேமை மூடிவிட்டு, ஸ்பெஷல் எடிஷன் என்றால் இந்த ஃபோல்டரைத் திறங்கள்.

```
Documents\My Games\Skyrim Special Edition\Saves
```

தேதிவாரியாக அடுக்குங்கள். Autosave, Quicksave என்று தொடங்குபவற்றை விட்டுவிடுங்கள். Save என்று தொடங்கி எண் வருபவை நீங்களே மெனுவில் போய்ச் செய்தவை. எந்த ஊரில் இருந்தபோது சேவ் ஆனது என்பது ஃபைல் பெயரிலேயே இருக்கும். அந்தக் கொலை விவகாரம் தொடங்குவதற்கு முந்தைய தேதியில் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து போங்கள். கிடைக்காவிட்டால், ரசிகர்கள் செய்து வைத்திருக்கும் அதிகாரப்பூர்வமற்ற பேட்ச் இந்தக் குவெஸ்ட்டின் பல கோளாறுகளைச் சரிசெய்கிறது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சேவுக்குள் அது வேலை செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது. அதையும் போட்டுப் பார்த்துச் சரிவராவிட்டால் அந்தக் குவெஸ்ட்டைக் கைவிட்டு மிச்சத்தை விளையாடுங்கள். முக்கியக் கதை அதனால் நிற்காது.

இனிமேல், புதிய ஊருக்குள் முதல்முறை காலெடுத்து வைக்கும் முன்பும், பெரிய குவெஸ்ட்டை ஏற்கும் முன்பும் மெனுவுக்குப் போய்ப் புதிய இடத்தில் சேவ் செய்யுங்கள், பழையதின் மேல் எழுதாதீர்கள். கம்ப்யூட்டரில் இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. `~` விசையை அழுத்திக் கன்சோலைத் திறந்து இப்படித் தட்டினால் நீங்கள் வைத்த பெயரிலேயே தனி ஃபைல் உருவாகும்.

```
save windhelm01
```

சண்டை நடக்கும்போதோ யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதோ இதைச் செய்ய வேண்டாம். எல்லாம் அடங்கி, நீங்கள் சும்மா நிற்கும்போது செய்யுங்கள்.

எனக்கு நெடுநாளாக இருக்கும் ஒரு மனக்குறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஆட்டோசேவ் எதற்காக வந்தது? கேம் திடீரென்று நின்றாலோ கரன்ட் போனாலோ கடைசிப் பத்து நிமிடத்தை மீட்டுத் தருவதற்காக. அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் கேமுக்குள் இருக்கும் உலகமே கெட்டுப்போயிருந்தால், கெட்டுப்போன உலகத்தை அது விசுவாசமாகப் பதிந்து வைக்கும், அதற்கு நல்லது கெட்டது தெரியாது. நூறு மணி நேரம் ஓடும் கேமை விற்பவர்கள், பின்னோக்கிப் போக ஒரு வழியை வாங்குபவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். நிறைய கேம்களில் அது இல்லை. இல்லை என்பதை விற்பனைப் பக்கத்தில் சொல்வதும் இல்லை. பெட்டியின் பின்புறம் படங்களாக நிரப்புகிறார்கள், மேனுவல் சேவ் உண்டா, எத்தனை இடம் என்ற ஒரு வரிக்கு மட்டும் இடம் இருக்காது. கேம் விற்கும் தளமான ஸ்டீம் இப்போது அணுகல் வசதிகள் பட்டியலில் Save Anytime என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் அதை நிரப்புவது கேம் செய்தவர்கள். பட்டியலில் இல்லாததால் வசதியே இல்லை என்று ஆகிவிடாது. வாங்கும் முன் யாராவது விளையாடும் வீடியோவில் மெனுவைத் திறக்கும் இடத்தைத் தேடிப் பாருங்கள், Save என்று தனி வரி இருக்கிறதா என்று.

60 மணி நேரம் விளையாடிய சேவ் போய்விட்டது. ஸ்டீமில் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேட்கலாம், கிடைக்காது. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி.

சைபர்பங்க் 2077 எனக்கு ஒரு நண்பர் காப்பி செய்து கொடுத்தார். 2020 வெர்ஷன். இப்போது சேவ் ஃபைல் கெட்டுவிட்டது என்று வருகிறது. நிறுவனத்திடம் புகார் கொடுக்கலாமா?

வாங்காத பொருளுக்கு யாரிடம் புகார் கொடுப்பீர்கள்? அந்தக் கேம் வந்த புதிதில் கம்ப்யூட்டரில் சேவ் ஃபைல் 8 எம்பியைத் தாண்டினால் கெட்டுப்போகும். பொருள்களைச் சேர்க்கச் சேர்க்க, கிராஃப்டிங் செய்யச் செய்ய ஃபைல் பெருக்கும். 2020 டிசம்பரிலேயே 1.06 பேட்ச்சில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்தவர்களுக்கு அது தானாக வந்து சேர்ந்தது, உங்களுக்கு வரவில்லை. ஏற்கெனவே கெட்ட ஃபைலை அந்தப் பேட்ச்சும் மீட்காது. இந்த ஃபோல்டரில் 8 எம்பிக்குக் குறைவான பழைய மேனுவல் சேவ் இருந்தால் பிழைத்தீர்கள்.

```
%USERPROFILE%\Saved Games\CD Projekt Red\Cyberpunk 2077
```

இல்லையென்றால் தள்ளுபடி வரும்போது வாங்கி, முதலிலிருந்து ஆடுங்கள்.

ஆன்லைனில் ஒருவரிடம் 'ஒரிஜினல் ஸ்டீம் கேம்' என்று 250 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு ஐடியும் பாஸ்வேர்டும் கொடுத்தார். நேற்று கேமைத் திறந்தால் என் கேரக்டரே இல்லை, வேறு யாரோ ஒருவருடைய கேரக்டர் இருக்கிறது. அண்ணா, என் சேவ் எங்கே போனது?

தம்பி, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இது உங்கள் தப்பில்லை, 'ஒரிஜினல்' என்று சொல்லித்தானே விற்றார்கள். அதே ஐடியை இன்னும் பலருக்கும் விற்றிருப்பார்கள். ஸ்டீம் கிளவுட் அக்கவுண்ட் ஒன்றுக்கு ஒரு தொகுப்பைத்தான் வைத்துக்கொள்ளும். வேறொருவர் அதே அக்கவுண்டில் விளையாடிவிட்டு மூடினால் அவருடைய சேவ் மேலே ஏறும். நீங்கள் திறக்கும்போது அது உங்கள் கம்ப்யூட்டருக்கு இறங்கும். இரண்டும் முரண்பட்டால் எது வேண்டும் என்று ஒரு பெட்டி கேட்கும். நேற்று அதில் கிளவுட் பக்கத்தை அழுத்தியிருந்தால் உங்களுடையதின் மேல் அது வந்திருக்கும்.

அந்தப் பெட்டி வந்தால் அவசரப்பட்டு எதையும் அழுத்தாதீர்கள். முதலில் சேவ் ஃபோல்டரை அப்படியே டெஸ்க்டாப்புக்கு காப்பி செய்யுங்கள். அப்புறம் தேதியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஸ்டீம் விதிப்படி அக்கவுண்டை விற்பதே கூடாது, அதனால் அவர்களிடம் போய் நியாயம் கேட்க வழியில்லை. விற்றவரோடு பேசிய மெசேஜையும் பணம் அனுப்பிய ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.

பிஎஸ்5 வாங்கினேன். பிளஸ் சந்தா எடுக்கவில்லை. சேவ் ஃபைலைப் பென்டிரைவில் எடுத்து வைக்கலாமா?

பிஎஸ்4 கேம் என்றால் எடுக்கலாம். பிஎஸ்5 கேமின் சேவ் ஃபைலை மட்டும் தனியாகப் பென்டிரைவுக்கு எடுக்க முடியாது, கிளவுடுதான் வழி, அதற்குப் பிளஸ் வேண்டும். கடையில் இதைச் சொல்லி விற்கும் ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. கன்சோல் முழுவதையும் வெளி டிரைவில் பேக்கப் எடுக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. ஆனால் அதைத் திருப்பி ஏற்றும்போது அப்போது கன்சோலில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். பிளஸ் எடுத்தாலும், கேமுக்குள் தனித்தனி இடங்களில் சேவ் செய்யுங்கள். கெட்டுப்போன சேவ் கிளவுடுக்கு ஏறிப் பழையதின் மேல் உட்கார்ந்தால் அதுவும் கைவிட்டுவிடும்.

எல்டன் ரிங்கில் மேனுவல் சேவே இல்லையே, பேக்கப் எப்படி எடுப்பது? மலிவாக 1 டிபி பென்டிரைவ் ஒன்று கிடைக்கிறது, அதில் போட்டு வைக்கலாமா?

முதல் பாதிக்குப் பதில் எளிது. கேமை முழுவதும் மூடிவிட்டு `%APPDATA%\EldenRing` ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து, தேதியிட்டு வையுங்கள். அதற்குள் இருக்கும் `ER0000.sl2` என்பதுதான் உங்கள் எல்லாக் கேரக்டர்களும். ஓடிக்கொண்டிருக்கும்போது காப்பி செய்தால் பாதி எழுதிய ஃபைல் கிடைக்கும். கை தவறி ஒரு வியாபாரியை அடித்துவிட்டீர்கள் என்றால் இதைத் தேடி ஓட வேண்டாம். அவர் உயிரோடிருக்கும் வரை, வாவ்ஸ் தேவாலயத்தில் செலஸ்டியல் டியூ கொடுத்தால் பகை தீரும்.

அந்தப் பென்டிரைவை வாங்காதீர்கள். நானும் அப்படி ஒன்றை வாங்கினேன், மேலே 1 டிபி என்று அச்சடித்திருந்தது, விண்டோஸும் 1 டிபி என்றே காட்டியது. என் பழைய வீடியோக்களையும் சேவ்களையும் எல்லாம் அதில் ஏற்றி வைத்தேன். பட்டியலில் ஒவ்வொரு ஃபைலும் சரியான பெயரோடும் அளவோடும் இருந்தது, பின்னால் ஏற்றியவற்றைத் திறந்தால் உள்ளே எல்லாம் சுழியம். உண்மையான கொள்ளளவு 32 ஜிபிதான். மீதியைக் காட்டும்படி உள்ளிருக்கும் சிப்பில் பொய்க் கணக்கை எழுதி விற்கிறார்கள். எழுதும்போது எந்தப் பிழையும் காட்டாது என்பதுதான் இதில் கொடுமை. சேவ் ஃபைல்கள் சில எம்பிதான் இருக்கும், பெயர் தெரிந்த நிறுவனத்தின் 32 ஜிபி தாராளமாகப் போதும். எந்த டிரைவ் வாங்கினாலும் காலியாக இருக்கும்போதே `H2testw` என்ற இலவச மென்பொருளால் முழுவதும் எழுதித் திருப்பிப் படிக்க விடுங்கள். நேரம் எடுக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். காலையில் பிழை காட்டினால் அந்தத் திரையைப் படம் எடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் பணத்தைக் கேளுங்கள்.