ஏழு டிரேடு ஜெயித்தாச்சு, எட்டாவதில் எத்தனை பங்கு வாங்குவது?

கேள்வி: "நாலு லட்சம் வைத்து ஸ்விங் டிரேடிங் செய்கிறேன். ஒரு டிரேடில் 1 சதவீதத்துக்கு மேல் இழக்கக் கூடாது என்பது என் விதி. கடைசி ஏழு டிரேடும் லாபம், 42,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. என் கணிப்பு இப்போது சரியாக அமைகிறது என்று தோன்றுகிறது. இனி 3 சதவீதம் ரிஸ்க் எடுக்கலாமா? போனாலும் லாபப் பணம்தானே போகும்?"

வேண்டாம். ஒரு சதவீதத்திலேயே இருங்கள். ஏன் என்பதை உங்கள் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

இதுவரை நீங்கள் டிரேடுக்கு 4,000 ரூபாய் ரிஸ்க் எடுத்தீர்கள். 3 சதவீதம் என்றால் அது 12,000. ஏழு ஜெயித்த பிறகு தொடர்ந்து நாலு டிரேடு ஸ்டாப் லாஸில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம், இது அபூர்வமே இல்லை, எந்த நல்ல முறையிலும் வருடத்துக்கு ஓரிரு முறை நடப்பதுதான். பழைய விதிப்படி 16,000 போகும், 26,000 கையில் நிற்கும். புது அளவில் 48,000 போகும், அதாவது ஏழு டிரேடின் லாபமும் காலி, முதலிலும் 6,000 குறைவு. பதினொரு டிரேடு, அதே ஏழு வெற்றி, அதே நாலு தோல்வி. பங்குத் தேர்வு ஒன்றுதான், வாங்கிய விலையும் விற்ற விலையும் ஒன்றுதான். ஒருவர் லாபத்தில் இருக்கிறார், இன்னொருவர் நஷ்டத்தில்.

வெற்றிக்குப் பின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் லாபமெல்லாம் சின்ன அளவில் வந்திருக்கும், நஷ்டம் பெரிய அளவில் வரும். தொடர் வெற்றியை முடித்து வைக்கிற டிரேடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அது வரும்போது உங்கள் குவான்டிட்டி அதுவரை இல்லாத உச்சத்தில் இருக்கும்.

சரி, "கணிப்பு சரியாக அமைகிறது" என்பதை எடுத்துக்கொள்வோம். ஒரு நாணயத்தை நூறு தடவை சுண்டினால், எங்காவது ஓர் இடத்தில் தொடர்ந்து ஏழு தலை விழ ஏறக்குறைய மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. நாணயத்துக்கு எந்தத் திறமையும் இல்லை. உங்களுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை, ஏழு டிரேடை வைத்து அதைப் பிரித்தறிய முடியாது என்றுதான் சொல்கிறேன். அதோடு உங்கள் டிரேடு நோட்டை எடுத்து அந்த ஏழும் எந்தத் தேதிகளில், எந்தத் துறைகளில் என்று பாருங்கள். எல்லாம் நிஃப்டி ஏறிக்கொண்டிருந்த அதே சில வாரங்களில், அதிலும் நாலைந்து ஒரே துறையில் என்றால், நீங்கள் ஏழு முறை சரியாகக் கணிக்கவில்லை. சந்தை ஏறும் என்று ஒரு முறை சரியாகக் கணித்து, ஏழு பங்கில் பணம் பார்த்திருக்கிறீர்கள். சந்தை திரும்பும்போதும் அவை தனித்தனியாக விழாது, சேர்ந்துதான் விழும்.

இன்னொன்று, ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டால் நஷ்டம் அதோடு நிற்கும் என்று நாம் நம்புவது. 500 ரூபாய்ப் பங்கு, ஸ்டாப் 480. பங்குக்கு 20 ரூபாய் ரிஸ்க், 4,000-ஐ 20-ஆல் வகுத்தால் 200 பங்கு. மூன்று மடங்கு என்றால் 600 பங்கு, அதாவது ஒரே பங்கில் 3 லட்சம். ஒரு மோசமான காலாண்டு முடிவு வந்து மறுநாள் காலை 460-ல் திறந்தால் உங்கள் ஸ்டாப் விலையில் விற்க வழியே இல்லை, கிடைக்கிற விலைக்குத்தான் போகும். 200 பங்கில் 8,000 நஷ்டம், வலிக்கும், தாங்கலாம். 600 பங்கில் 24,000, ஏழு டிரேடு லாபத்தில் பாதிக்கு மேல் ஒரே காலையில் போய்விடும். 2024 ஜூன் 3 அன்று நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறியது, மறுநாள் தேர்தல் முடிவு அன்று ஏறக்குறைய 6 சதவீதம் விழுந்தது. முதல் நாள் ஏற்றத்தைப் பார்த்து அளவைக் கூட்டியவருக்கு மறுநாள் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"லாபப் பணம்தானே" என்ற எண்ணத்தை நான் உண்மையிலேயே பயப்படுகிற அளவுக்கு ஆபத்தாகப் பார்க்கிறேன். 2018 ஜனவரி வரை சிறு நிறுவனப் பங்குகள் ஏறிய ஏற்றத்தில் இதே வார்த்தையைச் சொல்லித்தான் நானும் அளவை இரட்டிப்பாக்கினேன், அந்த வருடம் அவை விழுந்தபோது முந்தைய வருட லாபம் முழுவதும் போய், முதலிலும் கை வைத்தது. உங்கள் கணக்கில் இருப்பது 4,42,000. அதில் எது முதல், எது லாபம் என்று சந்தை பிரித்துப் பார்க்காது. போதாக்குறைக்கு அந்த 42,000 முழுதும் உங்களுடையதும் இல்லை: பட்டியலிட்ட பங்கில் குறுகிய கால மூலதன லாபத்துக்கு 2024 ஜூலை 23 முதல் 20 சதவீத வரி, நீங்கள் வரி கட்டும் வரம்பில் இருந்தால் 8,400 அரசுக்குப் போகும்.

அப்புறம், விதியை மாற்றாமலே அளவு கூடிவிடும் வழிகள் இரண்டு இருக்கின்றன, ஜெயித்துக்கொண்டிருக்கும்போது இவைதான் அதிகம் நடக்கும். ஒன்று, ஸ்டாப்பைக் கிட்டத்தில் வைப்பது. அதே 500 ரூபாய்ப் பங்குக்கு 490-ல் ஸ்டாப் என்று எழுதினால் 4,000 ரூபாய்க்கு 400 பங்கு வாங்கலாம், தாளில் இன்னமும் 1 சதவீதம்தான். ஆனால் அந்தப் பங்கு சாதாரண நாளிலேயே 12, 15 ரூபாய் ஆடும் என்றால் காரணமே இல்லாமல் ஸ்டாப் அடிபடும், முந்தைய விலையைவிடக் கீழே திறக்கும் கேப் டவுன் வந்தால் இரட்டை அடி. பங்கு ஒரு நாளில் சராசரியாக எவ்வளவு ஆடுகிறது என்று காட்டும் 14 நாள் ஏடிஆரைப் பாருங்கள், ஸ்டாப் தூரம் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குவான்டிட்டியை நம்பாதீர்கள். இரண்டாவது, ஒரே நேரத்தில் திறந்திருக்கும் டிரேடுகளின் எண்ணிக்கை. வழக்கமாக மூன்று வைத்திருப்பவர் ஏழாகக் கூட்டினால் மொத்த ரிஸ்க் 7 சதவீதம். நான் மொத்தத்துக்கு 4, ஒரே துறைக்கு 2 என்று எல்லை வைத்திருக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க டிரேடு நோட்டில் டிரேடு போடும் முன்பே மூன்று எண் எழுதுங்கள்: ரூபாயில் ரிஸ்க், ஏடிஆரோடு ஒப்பிட்ட ஸ்டாப் தூரம், அந்த நேரத்தில் மொத்தத் திறந்த ரிஸ்க். கடைசிப் பத்து வரியில் முதல் எண் அப்படியே இருந்து மற்ற இரண்டும் நகர்ந்திருந்தால், அளவைக் கூட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

என்றைக்குமே 4,000-லேயே நிற்கச் சொல்லவில்லை. சதவீதம்தான் மாறக் கூடாது, அது எதன் மேல் என்பது மாறலாம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, சந்தை மூடிய பிறகு, முடிந்த டிரேடுகளின் லாப நஷ்டத்தை மட்டும் சேர்த்துப் புது முதலை எழுதுங்கள், திறந்திருக்கும் டிரேடின் காகித லாபத்தைச் சேர்க்காதீர்கள். வரிக்கு 8,400 ஒதுக்கினால் உங்கள் புது முதல் 4,33,600, அதில் 1 சதவீதம் 4,336. மாத நடுவில் எத்தனை ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த எண்ணைத் தொடக் கூடாது. சதவீதத்தையே 1.25 ஆக்குவதென்றால், ஏற்றமும் இறக்கமும் பார்த்த ஒரு நூறு டிரேடாவது முடிந்திருக்க வேண்டும், கையில் திறந்த டிரேடு இல்லாத நாளில் முடிவு எடுக்க வேண்டும்.

உங்கள் எட்டாவது டிரேடு இந்த மாதமே என்றால் ரிஸ்க் 4,000. ஸ்டாப் 16 ரூபாய் தள்ளி இருந்தால் 250 பங்கு, 25 ரூபாய் தள்ளி இருந்தால் 160.