துருக்கியின் ‘மிஷ்’: யார் சொன்னது என்று எழுதாமல் எழுதுவது எப்படி?

கேள்வி: துருக்கியிலிருந்து நேரடியாக ஒரு சிறுகதையை மொழிபெயர்க்கிறேன். வினைக்குப் பின்னால் ‘மிஷ்’ வரும் இடங்களில் “என்று சொன்னார்கள்”, “ஊரில் பேசிக்கொண்டார்கள்” என்று எழுதினேன். “யார் சொன்னது? மூலத்தில் அப்படி யாருமே இல்லையே” என்று எடிட்டர் திருப்பி அனுப்பிவிட்டார். வெறும் இறந்தகாலமாக எழுதினால் கதைசொல்லி நேரில் பார்த்த மாதிரி ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

பதில்: கேள்விப்பட்ட செய்திதான் என்று உறுதியான இடத்தில் வினைமுற்றோடு ‘ஆம்’ சேர்த்துவிடுங்கள். வந்தானாம், போனார்களாம், இல்லையாம். இது யார் சொன்னார்கள், எப்போது சொன்னார்கள் என்று எதையும் காட்டிக்கொடுக்காது. “இது என் கண்ணால் கண்டதல்ல” என்பதோடு நின்றுகொள்ளும். துருக்கியின் மிஷ்ஷும் அவ்வளவுதான் சொல்கிறது.

“என்று சொன்னார்கள்” என்றதும் அங்கே ஓர் எழுவாய் முளைக்கிறது, ஒரு பேச்சு நடந்ததாகவும் ஆகிவிடுகிறது. எனவே எடிட்டர் கேட்டதில் தப்பே இல்லை. “என்று சொல்லப்படுகிறது” பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆனால் அதிலும் பலர் பேசிக்கொள்வதாக ஒரு நிழல் விழும், செய்தித்தாள் வாடையும் சேரும்.

ஆனால் மிஷ் கண்ட இடமெல்லாம் ஆம் போட முடியாது. துருக்கி இலக்கணக்காரர்கள் வழக்கமாகக் காட்டும் உதாரணம், “அஹ்மெத் கெல்மிஷ்”. அஹ்மெத் வந்ததாக யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாலும் இதையே சொல்லலாம். ஆள் கண்ணில் படவில்லை, வாசலில் அவன் கோட்டு மட்டும் தொங்குகிறது என்றாலும் இதையே சொல்லலாம். கதவைத் திறந்தால் எதிர்பாராமல் அஹ்மெத்தே நிற்கிறான், அப்போதும் இதேதான். அவன் வருவதையே கண்ணால் கண்டு சொல்வது “கெல்தி”. மற்றதற்கெல்லாம் கெல்மிஷ். இந்தப் பிரிவு பழையதுதான். 11ஆம் நூற்றாண்டில் துருக்கிய மொழிகளுக்கு அரபியில் அகராதி தொகுத்த மஹ்மூத் அல்-காஷ்கரியே, பேசுபவர் பார்க்க நடந்தது ஒன்று, அவர் இல்லாதபோது நடந்தது இன்னொன்று என்று இவற்றைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

தமிழில் இந்த மூன்றும் மூன்று வழியில் போகின்றன. கேள்விப்பட்டது என்றால் “அஹ்மெத் வந்தானாம்” அல்லது “வந்திருக்கிறானாம்”. கோட்டைப் பார்த்து ஊகித்தது என்றால் “அஹ்மெத் வந்திருக்கிறான்”. கொஞ்சம் சந்தேகம் வேண்டுமென்றால் “வந்திருக்கிறான் போல”. கதவைத் திறந்த ஆச்சரியத்துக்கு “அட, அஹ்மெத் வந்திருக்கிறானே!”

கோட்டைப் பார்த்த ஆளின் வாயில் “வந்தானாம்” என்று போட்டால், அந்தக் காட்சியில் இல்லாத யாரோ ஒருவர் வந்து அவனிடம் சொன்னதாக ஆகிவிடும். சொன்னார்கள் என்று எழுதாமலே இல்லாத சாட்சியை உருவாக்குவது இது. நீங்கள் கேட்ட தப்பைவிட இது மோசம், ஏனென்றால் எடிட்டர் கண்ணில் சுலபத்தில் படாது.

தன்மையில் இந்த ஆபத்து அதிகம். “உயுயாகல்மிஷிம்” என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. படித்துக்கொண்டிருந்தவன் விழித்துப் பார்க்கிறான், புத்தகம் மார்மேல் கிடக்கிறது. இதைத் தமிழில் “என்னை அறியாமலே தூங்கிப்போயிருக்கிறேன்” என்றுதான் எழுத வேண்டும். “தூங்கிவிட்டேனாம்” என்றால் பக்கத்தில் யாரோ இருந்து அவனைக் கிண்டல் செய்த மாதிரி ஆகும். அதே தன்மையில், “நான் குழந்தையாக இருந்தபோது ஓயாமல் அழுவேனாம்” என்பது கச்சிதமாகப் பொருந்தும். தன் குழந்தைப் பருவத்தை யாரும் நேரில் பார்த்த சாட்சியாகச் சொல்ல முடியாது, அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம். துருக்கிக்காரர்களும் அதை மிஷ் போட்டே சொல்வார்கள்.

விருந்தில் சூப்பைக் குடித்துவிட்டு “சோர்பா சோக் கியூசெல் ஒல்முஷ்” என்பார்கள். அந்த ஒல்முஷ்ஷிலும் இருப்பது மிஷ்தான், முன்வரும் உயிருக்கேற்ப முஷ் ஆகியிருக்கிறது. சமையல் நடந்தபோது சொல்பவர் பக்கத்தில் இல்லை, விளைவை மட்டும் சுவைக்கிறார். “சூப் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது” என்பதே சரி. “நன்றாக வந்திருக்கிறதாம்” என்றால் சமைத்தவர் கரண்டியைத் தூக்குவார்.

சரி, உங்கள் கதைக்கு நெருக்கமான ஒரு பத்தியைப் பிரித்துப் பார்ப்போம். நானே கட்டிய பத்தி இது. பக்கத்து வீட்டுக்காரரின் மகன் ஜெர்மனிக்குப் போனான் (கித்மிஷ்). அங்கே கல்யாணம் செய்துகொண்டான் (எவ்லென்மிஷ்). ஒரு பெண் பிறந்தது (ஒல்முஷ்). நேற்று அவன் அம்மாவைப் பார்த்தேன் (கொர்தும்), அழுதுகொண்டிருந்தாள் (ஆலியொர்து). மகன் மூன்று வருஷமாகப் போன் பண்ணவில்லை (அராமாமிஷ்).

முதல் மூன்று வினையும் மிஷ், நடுவில் இரண்டு கண்ணால் கண்டவை, கடைசியில் மறுபடி மிஷ். என் தமிழ் இப்படி வரும்:

“பக்கத்து வீட்டுப் பையன் ஜெர்மனிக்குப் போய், அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு, ஒரு பெண்ணும் பிறந்துவிட்டதாம். நேற்று அவன் அம்மாவைப் பார்த்தேன், அழுதுகொண்டிருந்தாள். மூன்று வருஷமாக மகன் ஒரு போன்கூடப் பண்ணவில்லையாம்.”

முதல் வாக்கியத்தில் மூன்று மிஷ்ஷுக்கு ஒரே ஆம்தான். “போய்”, “பண்ணிக்கொண்டு” என்ற வினையெச்சங்களின் மேலெல்லாம் முற்றில் ஒட்டிய ஆம் பரவிவிடும். துருக்கியில் ஒவ்வொரு முற்றும் மிஷ்ஷைத் தனித்தனியாகச் சுமக்கிறது என்பதற்காகத் தமிழில் போனானாம், பண்ணிக்கொண்டானாம், பிறந்ததாம் என்று அடுக்க வேண்டாம்.

இந்த வசதியிலேயே ஒரு பொறி இருக்கிறது. கண்டதையும் கேட்டதையும் எச்சம் போட்டு ஒரே வாக்கியமாகக் கோத்துவிட்டால், கண்டதும் ஆம்முக்குள் விழுந்துவிடும். “நேற்று அவன் அம்மாவைப் பார்த்து, அழுதுகொண்டிருந்தாளாம்” என்று யாரும் எழுதமாட்டார்கள்தான். ஆனால் “அம்மா அழுதுகொண்டே, மகன் போன் பண்ணவில்லையாம்” என்று அவசரத்தில் எழுத வாய்ப்புண்டு. கெல்தியில் வந்த ‘தி’யும் மிஷ்ஷும் மாறும் இடத்தில், அதாவது தி வினையிலிருந்து மிஷ் வினைக்குத் தாவும் இடத்தில், வாக்கியத்தை முறித்துவிடுங்கள்.

கடைசி வரிதான் பத்தியிலேயே நுட்பமான இடம். அம்மாவைப் பார்த்ததும் அடுத்த வரி, மகன் போன் பண்ணவில்லை. அம்மாதான் சொல்லியிருப்பாள் என்று வாசகர் நினைப்பார், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஆசிரியர் அதை எழுதவில்லை. நாம் “பண்ணவில்லை என்றாள்” என்று எழுதினால் அம்மாவை வாய்திறக்க வைத்துவிட்டோம். இரண்டு பக்கம் தள்ளி, அன்று அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, செய்தியைச் சொன்னது தெருமுனைக் கடைக்காரர் என்று வந்தால் மொழிபெயர்ப்பு சிக்கிக்கொள்ளும். “பண்ணவில்லையாம்” என்று விட்டால், வாசகர் துருக்கியில் ஊகித்ததைத் தமிழிலும் ஊகித்துக்கொள்வார்.

எந்த மிஷ் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சோதனை உண்டு. வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் தடயம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். ஈரத் தரை, காலி நாற்காலி, திறந்த அலமாரி என்று இருந்தால் அது ஊகம், “இருக்கிறது” வழியில் போகும். தடயம் இல்லாமல் செய்தி மட்டும் வந்தால் ஆம். இரண்டுமே தெரியாத இடமும் வரும். அங்கே “வந்திருக்கிறான் போல” என்று விட்டுவிடலாம். பேச்சில் நாம் “கல்யாணம் நின்றுபோச்சு போல” என்பதைக் காதில் விழுந்ததற்கும் சொல்கிறோம், கண்ணில் பட்டதை வைத்து ஊகிப்பதற்கும் சொல்கிறோம். அதனால் மூலத்தின் இருபொருளை ஓரளவு அது காப்பாற்றும்.

ஆம்முக்கு நக்கல் குணமும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். “பெரிய டாக்டராம்” என்றால் நம்பவில்லை என்று அர்த்தம். மிஷ்ஷுக்கும் இந்தக் குணம் இருக்கிறது; “கெல்மிஷ்மிஷ்” என்று இரட்டித்தால் “வந்தானாமாம், நம்பிட்டேன்” என்ற தொனி வரும். பிரச்சினை, மூலத்தில் நக்கல் இல்லாத இடத்தில் தமிழில் அது நுழைவதுதான். பெயரோடும் பெயரடையோடும் ஒட்டும்போதுதான் ஆம் இப்படி அதிகம் கடிக்கும். “அவர் பணக்காரராம்” என்பது நெருடினால் “அவரிடம் நிறையப் பணம் இருக்கிறதாம்” என்று வினைக்கு மாற்றுங்கள், விஷம் பெரும்பாலும் இறங்கிவிடும்.

கதை முழுவதுமே மிஷ்ஷில் ஓடினால் வேறு கணக்கு. நஸ்ரெத்தின் ஹோஜா கதைகளையும் தேவதைக் கதைகளையும் துருக்கியர் அப்படித்தான் சொல்வார்கள். தொடக்கமே “பிர் வார்மிஷ், பிர் யோக்முஷ்”, ஒன்று இருந்ததாம், ஒன்று இல்லையாம். “ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தானாம்” என்று வளர்ந்த நமக்கு இது அந்நியமே அல்ல. முதல் வாக்கியத்திலும், கதை புதிதாகத் திரும்பும் இடங்களிலும் ஆம் போட்டுவிட்டு இடையில் சாதாரண இறந்தகாலத்தில் ஓட்டலாம், கேட்ட கதை என்ற தொனி போகாது. ஆனால் உங்கள் சிறுகதையில் மிஷ் இடையிடையேதான் வருகிறது என்றால் இப்படித் தளர்த்தாதீர்கள். அங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் வேலை இருக்கிறது.

எந்த ஆம்மும் தேவைப்படாத மிஷ்கள் சில உண்டு. “பிஷ்மிஷ் எத்” என்பது சமைத்த இறைச்சி; இங்கே மிஷ் வெறும் பெயரெச்சம். “கெல்மிஷ்தி” என்பது வந்திருந்தான், அவ்வளவுதான். அரசு அறிவிப்பு, பாடப்புத்தகம், கல்வெட்டுப் பலகை ஆகியவற்றில் “மிஷ்திர்” என்று முடியும் வினைகள் இன்னும் ஏமாற்றும். துருக்கிக் குடியரசு 29 அக்டோபர் 1923 அன்று அறிவிக்கப்பட்டது என்பதைப் பாடப்புத்தகம் “இலான் எதில்மிஷ்திர்” என்று எழுதும். அது வதந்தியல்ல, உறுதிப்படுத்தும் நடை. உங்கள் கதையில் பாத்திரம் படிக்கும் கடிதமோ அரசாணையோ வந்தால், அந்த வரிகளைக் கறாரான இறந்தகாலத்தில் “அறிவிக்கப்பட்டது” என்றே எழுதுங்கள்.