அக்காவின் டயாலிசிஸ் நாட்களும் என் மேஜையில் சேரும் வேலையும்

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வயது 29. பிரிவில் மூன்று பேர். எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, ஏழு மாதமாக டயாலிசிஸ் நடக்கிறது. செவ்வாய், வியாழன், சனி காலையில் போய்விட்டு மதியம் 2 மணிக்குத்தான் வருவார். அந்த நேரத்து வேலை முழுக்க என் தலையில். இன்னொரு அண்ணன் ஆறரைக்குக் கிளம்பிவிடுவார். மேனேஜரிடம் சொன்னால், "உனக்கென்னம்மா, கல்யாணமா குழந்தையா, கொஞ்சம் பாத்துக்கோ" என்கிறார். ராத்திரி எட்டரை மணிக்கு அக்காவின் பில்களை டேலியில் போடும்போது, "இவங்க வேலையை விட்டுட்டா என்ன" என்று தோன்றுகிறது. அடுத்த நிமிஷமே, அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம் வந்து தூக்கம் போகிறது. நான் கெட்டவளா? இதை யாரிடம், எப்படிப் பேசுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் கெட்டவர் இல்லை. மாதக்கணக்கில் இரண்டு பேர் வேலையைப் பார்ப்பவருக்கு அப்படி ஒரு நினைப்பு வரத்தான் செய்யும். அது அக்காவுக்குத் தீங்கு நினைப்பது ஆகாது. "இந்தச் சுமை முடிந்தால் போதும்" என்பதைத்தான் மனசு அந்த வார்த்தையில் சொல்கிறது. ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேரும் இடம் தவறு. அக்கா பக்கத்து மேஜையில் இருக்கிறார், கண்ணில் படுகிறார், அதனால் கோபம் அவர்மேல் விழுகிறது. ஆள் போடாமல் விட்டது நிர்வாகம். இருக்கும் இரண்டு பேரில் ஒருவர்மேல் மட்டும் ஏற்றியதும் நிர்வாகம்தான். கல்யாணம் ஆகாதவரின் சாயங்காலம் கம்பெனிக்குச் சொந்தம் என்று ஒரு கணக்கு கிடையாது. நியாயம் கேட்க வேண்டிய இடம் மேனேஜரின் மேஜை.

அங்கே மனக்குறையாகப் போனால் மறுபடியும் "பாத்துக்கோ" என்றுதான் பதில் வரும். எண்ணோடு போங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில், அக்காவுக்காகச் செய்த ஒவ்வொரு வேலையையும், அது பிடித்த நேரத்தையும் எழுதுங்கள். பக்கத்திலேயே ஒரு குறிப்பு: அன்றைக்கே முடிந்தாக வேண்டியதா, மறுநாள் வரை பொறுக்குமா, செய்யாவிட்டால்தான் என்ன?

உங்கள் அலுவலகம் காலை ஒன்பதரைக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அக்கா இல்லாத நேரம் ஒரு நாளைக்கு நாலரை மணி, வாரத்துக்குப் பதின்மூன்றரை மணி. இதில் பார்ட்டிக்குப் பணம் அனுப்புவது, பேங்க் போன், ஜாப் ஒர்க் யூனிட்காரர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அன்றன்றே முடிய வேண்டும். அதற்கு நாலரை மணி போகட்டும். பேங்க் ஸ்டேட்மெண்ட் சரிபார்ப்பது, லெட்ஜர் பார்ப்பது, கொள்முதல் பில் ஏற்றுவது ஒரு நாள் பொறுக்கும். அது ஏழு மணி. மீதி இரண்டு மணி நேரம், டேலியில் இருப்பதையே திரும்பப் பதிவேட்டில் எழுதுவது போன்ற பழைய பழக்கம். அதை மேனேஜர் ஒரு வார்த்தையில் நிறுத்தலாம். உங்கள் நோட்டில் எண்கள் வேறாக வரும், ஆனால் இப்படி மூன்றாகப் பிரியும்.

பிரித்துவிட்டால் என்ன கேட்பது என்பது தானாகத் தெரியும். அன்றன்றே முடிய வேண்டிய நாலரை மணியை நீங்களும் அந்த அண்ணனும் கிழமை பிரித்துக்கொள்ளலாம். செவ்வாய் அவர், வியாழன் நீங்கள், சனி மாற்றி மாற்றி. இது காலை வேலை என்பதால் அவர் ஆறரைக்குக் கிளம்புவதில் கைவைக்கத் தேவையில்லை. பொறுக்கும் வேலை வாரம் ஏழு மணி என்றால் மாதம் இருபத்தெட்டு மணி, எட்டு மணி நேரக் கணக்கில் மூன்றரை நாள். ஆக, நீங்கள் கேட்பது மாதம் நான்கு நாள் வந்து போகும் ஒரு பகுதிநேரக் கணக்கர். "இன்னொரு ஆள் வேண்டும்" என்றால் முதலாளி வருடச் சம்பளத்தைக் கணக்குப் போட்டுப் பின்வாங்குவார். நான்கு நாள் கூலி என்றால் யோசிப்பார்.

அந்த நான்கு நாளையும் தேதி பார்த்து வையுங்கள். மாதாமாதம் வரும் கெடு இவை: 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-இல் ஜிஎஸ்டிஆர்-1, 15-இல் பிஎஃப், இஎஸ்ஐ, 20-இல் ஜிஎஸ்டிஆர்-3பி. எனவே 5, 6 தேதிகளும், 17, 18 தேதிகளும் அவருக்குப் பொருந்தும். ஞாயிறு வந்தால் முன்பின் நகர்த்துங்கள்.

அதற்குப் பிறகும் ராத்திரி வரை உட்கார வேண்டி வந்தால் அது ஓவர்டைம். சட்டப்படி அதற்கு இரட்டிப்பு விகிதம். உங்களுக்கு மேற்பார்வைப் பதவி இருந்தால் மட்டும் இது பொருந்தாமல் போகலாம். அதைக் கேட்பது அக்காவுக்குச் செய்யும் துரோகம் இல்லை, அந்தப் பணம் அவர் சம்பளத்திலிருந்து வரப்போவதும் இல்லை.

பொறுக்கும் வேலையில் எதை அக்காவே வைத்துக்கொள்வது, எதைப் புதியவரிடம் கொடுப்பது என்று முடிவு செய்ய, டயாலிசிஸ் உடம்பை என்ன செய்கிறது என்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு தடவைக்குச் சுமார் நான்கு மணி நேரம். இரண்டு மூன்று நாளாகச் சேர்ந்த நீரையும் கழிவையும் அந்த நேரத்துக்குள் இழுத்து எடுப்பதால் ரத்த அழுத்தம் இறங்கும், தலை கனக்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மதியம் 2 மணிக்கு வந்து உட்காருபவர் பலநாள் அந்தக் களைப்போடுதான் உட்காருகிறார். அந்த நேரத்தில் இன்வாய்ஸ் எண்ணில் 86 என்பது 68 ஆகிவிட்டால் அது அசட்டை இல்லை. பலருக்குத் தெளிவு திரும்புவது மறுநாள் காலையில், அக்காவுக்கு அது புதனும் வெள்ளியும்.

பலர் கவனிக்காத இன்னொன்று உண்டு. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு முழு நாள் இடைவெளி. வாரத்திலேயே நீர் அதிகம் சேர்ந்திருப்பது திங்கள் மாலையும் செவ்வாய் விடிகாலையும்தான். அக்கா முழு நாள் வருகிறாரே என்று திங்கட்கிழமையில் கனமான வேலையை அடுக்கிவிடுவார்கள். அது கூடாது. ஜிஎஸ்டி சரிபார்ப்பு போன்ற கூர்மையான வேலை புதன், வெள்ளி காலையில் இருக்கட்டும். டயாலிசிஸ் முடிந்த மதியத்தில் பில் அடுக்குவது, மெயிலுக்குப் பதில் போடுவது போதும்.

ஆனால் இதை நீங்களாகத் தீர்மானித்துச் செய்யாதீர்கள். மேனேஜரைப் பார்ப்பதற்கு முன்னால் அக்காவிடம் பேசுங்கள், ஒரு புதன்கிழமை காலையில், தனியாக. நோயைப் பற்றி விசாரிக்காமல் வேலையைப் பற்றிக் கேளுங்கள். "அக்கா, செவ்வாய் வியாழன்ல தேங்குற வேலைக்கு மாசம் நாலு நாள் ஒரு ஆள் கேக்கலாம்னு இருக்கேன். எந்த வேலை உங்க கையிலயே இருக்கணும், எதை விட்டுக்கொடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க." இத்தனை வருடம் தன் கையில் வைத்திருந்த கணக்கை ஒவ்வொன்றாக அடுத்தவர் எடுத்துக்கொள்வதைப் பார்ப்பது அவருக்கு லேசான விஷயம் இல்லை. நீங்கள் "பரவால்லக்கா, நான் பாத்துக்கறேன்" என்று வாயால் சொல்லிக்கொண்டு ஃபைலைத் தட்டி வைப்பதும் அவர் காதில் விழும். மேனேஜரிடம் அவர் உடல்நிலையைப் பற்றி எதைச் சொல்லலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் தாளில் வேலையும் மணியும் தேதியும் இருந்தால் போதும், நோயின் பெயர் வேண்டியதில்லை.

இனி அந்தப் பயம். டயாலிசிஸ் நடக்கும்போது போன் போட்டுப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடம் நிம்மதி கிடைக்கும், பிறகு பயம் இன்னும் கூடும். "வந்துட்டேன்" என்று அவர் ஒரு மெசேஜ் போட்டால் போதும் என்று பேசிவைத்துக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் உங்கள் பொறுப்பு எதுவரை என்று தெரிந்துவிட்டால், மீதியை டாக்டரிடம் விட மனசு சம்மதிக்கும். வீட்டார் எண்ணும் டயாலிசிஸ் மையத்தின் எண்ணும் உங்களிடமும் அந்த அண்ணனிடமும் இருக்கட்டும். மூச்சு வாங்கினால், நெஞ்சு படபடத்தால், திடீரென்று கைகால் தளர்ந்தால் உடனே 108. கையில் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் நிற்காமல் வந்தால், துணியைச் சுற்றிக்கொண்டே போகாமல், கசியும் புள்ளியிலேயே விரலால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108-ஐக் கூப்பிடுங்கள். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்திருந்தால், அந்தக் கையால் கணக்குப் பெட்டிகளைத் தூக்க விடாதீர்கள்.

அன்பினால் செய்யும் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சோர்ந்து வந்திருக்கிறாரே என்று இளநீர் வாங்கி நீட்டாதீர்கள். அதில் பொட்டாசியம் அதிகம். அதை வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாதபோது இதயத் துடிப்பையே குலைக்கும். பழச்சாறும் அப்படித்தான். ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அவர் அளந்துதான் குடிக்கிறார். "இன்னும் கொஞ்சம் குடிங்க" என்று வற்புறுத்த வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டால், அல்லது காலையில் வேலைக்குக் கிளம்பவே நெஞ்சு அடைத்தால், அரசின் மனநல உதவி எண் 14416-இல் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசலாம். கட்டணம் கிடையாது.

முன்கூட்டியே யோசிக்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. அக்கா மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருந்தால், அழைப்பு எந்த இரவிலும் வரலாம். அறுவைக்குப் பிறகு தொற்றுப் பயத்தால் இரண்டு மூன்று மாதமாவது அலுவலகம் வர முடியாது. எந்தப் பார்ட்டிக்கு எந்த டிடிஎஸ் விகிதம், எந்த வங்கிக் கணக்கிலிருந்து எது போகிறது, ஆடிட்டர் என்ன கேட்பார் என்பதெல்லாம் அவர் நினைவில் மட்டும் இருந்தால், அன்றைக்கு மொத்தமும் உங்கள்மேல் இறங்கும். வெள்ளிக்கிழமை அரைமணி நேரம் அவர் சொல்லச் சொல்ல எழுதி வாங்குங்கள், அந்த அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. அக்காவுக்கு இஎஸ்ஐ இருந்தால், நீண்ட விடுப்புக்கான நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவித்தொகை பற்றி இப்போதே அந்த அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. தகுதி இருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம் வரை கிடைக்கும். விடுப்பு எடுத்தால் சம்பளம் போய்விடும் என்ற பயத்தில்தான் பலர் முடியாத நாளிலும் வந்து உட்காருகிறார்கள்.

மேனேஜரைச் சந்திக்க 21-ஆம் தேதிக்குப் பிறகு ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ரிட்டர்ன் வாரத்தில் போனால் "இப்ப இதெல்லாமா" என்பார். ஒரே தாள் கொண்டுபோங்கள்: இரண்டு வார மணிக்கணக்கு, நான்கு நாள் ஆள், அண்ணனோடு கிழமைப் பிரிவு, மீதிக்கு ஓவர்டைம். "கல்யாணமா குழந்தையா" என்று மறுபடி ஆரம்பித்தால், "சார், இது கம்பெனி வேலைக்கான கணக்கு" என்று சொல்லித் தாளைத் தள்ளி வையுங்கள். பேசி முடித்த அன்றைக்கே, பேசியதை இரண்டு வரியில் மெயில் போட்டு, அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் பதில் கேளுங்கள்.