50/(s+5): போட் பிளாட் ஏன் 14 டெசிபல் மேலே போகிறது?

கேள்வி: G(s) = 50/(s+5) க்கு மேக்னிட்யூட் பிளாட் போட்டால் எனக்கு 34 டெசிபலில் கோடு தொடங்குகிறது. கடையில் வாங்கிய சால்வ்டு நோட்ஸிலும் 34 தான். ஆனால் கால்குலேட்டரில் ω = 0.1 போட்டுப் பார்த்தால் 20 வருகிறது. எது சரி?

பதில்: கால்குலேட்டர் சொல்வதுதான் சரி. நோட்ஸில் 50 என்ற எண்ணை அப்படியே எடுத்து 20 log 50 = 34 என்று போட்டிருக்கிறார்கள். மேலே நிற்கும் எண் கெயின் ஆகாது. கீழே 1 + sT என்ற வடிவம் வரும்வரை எந்த எண்ணையும் எடுக்கக் கூடாது. கீழே உள்ள 5 ஐ வெளியே எடுத்தால்

G(s) = 10/(1 + 0.2s)

இப்போதுதான் கெயின் 10 என்று தெரிகிறது. 20 log 10 = 20 டெசிபல். வெளியே எடுக்காமல் விட்ட அந்த 5 க்கு 20 log 5 = 14 டெசிபல். உங்கள் கோடு மேலே போனது சரியாக அந்த அளவுதான்.

கார்னர் ஃப்ரீக்வென்சி 1/0.2 = 5 ரேடியன்/வினாடி. இதற்கு இடப்பக்கம் 20 டெசிபலில் படுத்த கோடு. வலப்பக்கம் ஒரு டெக்கேடுக்கு 20 டெசிபல் இறங்கும் சாய்கோடு. இரண்டும் 5 இல் சந்திக்க வேண்டும்.

சாய்கோட்டை இழுக்கும்போதுதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டெக்கேடு என்றால் பத்து மடங்கு. பத்தைக் கூட்டுவது அல்ல. 5 இலிருந்து ஒரு டெக்கேடு போனால் 50. அதை 15 என்று எடுத்துக்கொண்டு (15, 0) வரை கோடு இழுத்த விடைத்தாள்கள் ஏராளம். சரியான இரண்டு புள்ளிகள் (5, 20), (50, 0). ஸ்கேலை அவற்றில் வைத்து நீட்டினால் 500 இல் −20 ஐத் தொடும். செமி-லாக் தாளில் முதல் செங்குத்துக் கோட்டுக்கு 0 என்று பெயர் வைக்காதீர்கள், லாக் அச்சில் பூஜ்யத்துக்கு இடமே கிடையாது. 0.1 என்று தொடங்குங்கள். ஒரு சைக்கிள் 6 சென்டிமீட்டர் அகலம் என்றால், 1 இலிருந்து 4.2 சென்டிமீட்டர் தள்ளித்தான் 5 வரும், நடுவில் வராது. நடுவில் இருப்பது சுமார் 3.2.

உண்மையான வளைவு இந்தக் கோடுகளுக்குக் கொஞ்சம் கீழே ஓடும். 5 இல் 3 டெசிபல் கீழே, அதாவது 17. பாதியான 2.5 இலும் இரட்டிப்பான 10 இலும் 1 டெசிபல் கீழே: முறையே 19, 13. இந்த மூன்று புள்ளிகளையும் வைத்துக் கையால் வளைத்தால் போதும். சாய்கோட்டை 17 இலிருந்து தொடங்குவது தவறு. கோடுகள் சந்திப்பது 20 இல்தான், 17 வழியாகப் போவது வளைவு மட்டுமே.

ஒரே ஒரு விதிவிலக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். கீழே வெறும் s மட்டும் இருந்தால், உதாரணமாக 10/s, அதை 1 + sT ஆக்க முடியாது. அதற்குக் கார்னரும் கிடையாது, படுத்த கோடும் கிடையாது. ஆனாலும் மாணவர்கள் "கெயின் 10, அப்போ 20 டெசிபலில் ஒரு படுத்த கோடு" என்று பழக்கத்தில் வரைந்துவிடுகிறார்கள். அது ஆரம்பம் முதல் கடைசிவரை சாய்கோடுதான். ω = 1 இல் 20 டெசிபல், 10 இல் 0, 0.1 இல் 40. இடப்பக்கம் போகப்போக ஏறிக்கொண்டே இருக்கும், எங்கேயும் தட்டையாகாது. கேள்வியில் s தனியாக நிற்கிறதா, s உடன் ஓர் எண் கூட்டப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அந்த நோட்ஸை விற்றவருக்கு இதெல்லாம் தெரியாது. பழைய கையெழுத்துப் பிரதியை ஜெராக்ஸ் போட்டு, ஸ்பைரல் பைண்டிங் செய்து, "இதைப் படித்தால் பாஸ்" என்று விற்கிறார்கள். ஒருமுறை புகுந்த தவறு அப்படியே வருடா வருடம் அச்சாகிறது. அதில் படித்து எழுதுகிற பிள்ளைக்குத்தான் மார்க் போகிறது. பாடத்திட்டமும் கைகொடுப்பதில்லை. ஒரு போலை ஒழுங்காக வரையப் பழகும் முன்பே மூன்று போல், இரண்டு ஜீரோ உள்ள கணக்கைக் கொடுத்துவிடுகிறார்கள். அடிப்படைக் கோடு 14 டெசிபல் தள்ளிப் போனால் கெயின் மார்ஜினும் 14 டெசிபல் தள்ளிப்போகும் என்பதைச் சொல்லிக்கொடுக்க வகுப்பில் நேரம் இருப்பதில்லை.

எந்த நோட்ஸையும் இப்படிச் சோதியுங்கள். கார்னரைவிட ஐம்பது மடங்கு குறைந்த ஃப்ரீக்வென்சி ஒன்றை, இந்தக் கணக்கில் ω = 0.1 ஐ, மூல வடிவத்திலேயே போடுங்கள். 50/√(0.01 + 25) ஏறத்தாழ 10, ஆகவே 20 டெசிபல். பிறகு ω = 5: 50/√50 = 7.07, ஆகவே 17 டெசிபல். படத்தில் இந்த இரண்டும் இல்லையென்றால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நீங்களே வரையுங்கள்.